மாத்திரைக்கு அடங்கிய வலி

அவள் வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வாரமே என் வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது.

பிள்ளையார்பாளையத்துக்குப் பக்கத்தில் இருக்கிற ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், இதய நோய்ப் பிரிவில், நான் பத்தொன்பது வருஷமாக நர்ஸ். தாமலிலிருந்து காலை பஸ் பிடித்து வருகிறவள். எங்கள் ஊர் ஏரியில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று பஸ் ஜன்னலில் பார்த்துக்கொண்டே வந்து, எட்டு மணிக்கு முன்னால் பி.பி. கருவியைக் கையில் எடுத்துவிடுவேன். புது நர்ஸான அவளுக்கு இருபத்தாறு வயது. நெசவுக்கார வீட்டுப் பெண். வந்தவுடனே நோயாளிகளிடம் தறிப் பேச்சு பேசினாள். "பாவு எத்தினி நாளாச்சு போட்டு?", "கோர்வையா, சாதா பார்டரா?" என்று கேட்டுக்கொண்டே ஊசி போட்டாள். ஊசி போட்டதே அவர்களுக்குத் தெரியவில்லை. நான் ஊசி போட்டால் மட்டும் ஊரே கேட்கிற மாதிரி கத்துவார்கள்.

ஒருநாள் ஒரு அம்மா என் முகத்துக்கு நேராகவே கேட்டாள்: "அந்தச் சின்ன நர்ஸம்மா இல்லியாமா? அவங்க வரட்டும், நான் உக்காந்துக்கினு இருக்கேன்."

நான் சிரித்தேன். உள்ளே போய் பஞ்சு டப்பாவை மேஜையில் வைத்த வேகத்தில் மூடி தெறித்து விழுந்தது.

அதற்கு மேல் டாக்டர் ஒன்று செய்தார். செவ்வாய்க்கிழமைகளில், நெஞ்சுவலி நோயாளிகளுக்கு அவள் அரை மணி நேரம் வகுப்பு எடுக்கலாம் என்று சொல்லிவிட்டார். அந்த வேலையை அதுவரை நான் செய்துகொண்டிருந்தேன். வகுப்பு என்று பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான். மருந்துச் சீட்டை நீட்டும்போதே நின்றவாக்கில் சொல்லி அனுப்புவேன். வலி வந்தால் உட்கார், மாத்திரையை நாக்குக்கு அடியில் வை, ஐந்து நிமிஷம் பார், அடங்கினால் பயமில்லை, அடங்காவிட்டால் 108. ஒரே மூச்சில் முடிந்துவிடும். பத்தொன்பது வருஷத்தில் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்! அதற்கு யாரும் நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்டதில்லை.

அவளுக்கு நாற்காலி போட்டார்கள். மின்விசிறி வைத்தார்கள்.

முதல் செவ்வாய்க்கிழமை கட்டு மாற்றும் அறையின் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். ஒட்டுக்கேட்டேன் என்றே சொல்லலாம், வெட்கப்பட இப்போது என்ன இருக்கிறது. நைட்ரோகிளிசரின் மாத்திரை உடம்புக்குள் என்ன செய்கிறது என்று அவள் விளக்கிக்கொண்டிருந்தாள்.

"கல்யாண வீட்டுப் பந்தி பாத்திருக்கீங்க இல்ல? ஜனம் எல்லாம் ஒரே நேரத்துல உள்ள பூந்தா பரிமாறுறவன் என்ன ஆவான்? மூச்சு வாங்கும். இப்போ வெளிய நூறு நாற்காலி போட்டா? பாதி ஜனம் அங்க உக்காந்துக்கும். உள்ள கூட்டம் கொறையும். பரிமாறுறவன் நிதானமா வேலை செய்வான். இந்த மாத்திரை அதான் செய்யுது. ஒடம்பு பூரா இருக்குற ரத்தக்குழாயைத் தளர்த்தி விடுது. முக்கியமா, இதயத்துக்குத் திரும்பி வர்ற குழாய்ங்கள. ரத்தம் கொஞ்சம் அங்கேயே தங்கிக்கும். இதயத்துக்கு வர்ற சுமை கொறையும். இதயத்துக்கே சோறு கொண்டுபோற குழாயும் கொஞ்சம் விரியும். அதான் வலி கேக்குது."

கூட்டம் சிரித்தது. பரிமாறுகிறவன்! இத்தனை வருஷத்தில் எனக்கு ஏன் அது தோன்றவில்லை? நான் "குழாய் விரியும்" என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிடுவேன்.

"அதனாலதான் உக்காந்துக்கினு போடணும்," என்று தொடர்ந்தாள். "ரத்தம் கீழயே தங்கினா பி.பி. எறங்கும். நின்னுக்கினு போட்டா தலை சுத்தி விழுந்துடுவீங்க. தலை வலிக்கும், மூஞ்சி சூடாவும், அது மாத்திரை வேலை செய்யுதுன்னு அர்த்தம்."

அதற்கு மேல் எனக்குப் பொறுக்கவில்லை. அடுத்து என்ன சொன்னாள் என்று கேட்காமலே கட்டு மாற்றும் தட்டை எடுத்துக்கொண்டு வார்டுக்குப் போய்விட்டேன்.

எனக்கு ஆறுதலாக ஒரே ஒரு ஆள் இருந்தார். அறுபதை நெருங்கிய ஒரு பட்டு நெசவாளி. குழித்தறியில், அதாவது தரையில் தோண்டிய பள்ளத்தில் காலைத் தொங்கவிட்டு மிதிக்கிற தறியில், நாற்பது வருஷமாக உட்காருகிறவர். இரண்டு வருஷமாக அவருக்கு நெஞ்சுவலி. ரயில்வே மேம்பாலத்தில் சைக்கிளை மிதித்து ஏறினால் வரும். சாப்பிட்ட கையோடு தறியில் இறங்கினால் வரும். உட்கார்ந்தால் இரண்டு மூன்று நிமிஷத்தில் போய்விடும். எப்போது வரும், எதற்கு வரும், எப்படிப் போகும் என்று அவருக்கே அத்துப்படி. குழாய் குறுகியிருக்கிறது, உழைப்பு கூடினால் ரத்தம் போதாமல் வலிக்கிறது, ஓய்ந்தால் சரியாகிறது. நிலையான நெஞ்சுவலி என்று டாக்டர் எழுதியிருந்தார். மாத்திரை எப்படிப் போடுவது என்று நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

வகுப்புக்கு வரச்சொல்லி அந்தப் பெண் அவருக்கு இரண்டு முறை போன் போட்டிருக்கிறாள். மாத்திரை வாங்க வந்த ஒருநாள் மனிதர் என்னிடமே சொன்னார்:

"இன்னொருத்தர் கிட்ட நான் எதுக்குமா கேக்கணும்? நீங்க சொன்னது எனக்கு மனப்பாடம். அதே போதும்."

அன்றைக்கு மதியம் எனக்குச் சாப்பாடு ருசித்தது. டப்பாவைக் கழுவும்போது பாட்டுகூட முணுமுணுத்தேன். இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனாலும் நடந்தது அதுதான்.

அடுத்த மாதம் அவள் ஒரு தாள் தயார் செய்தாள். பத்துக் கேள்விகள். நோயாளிகள் புரிந்துகொண்டிருக்கிறார்களா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு டிக் போட வேண்டும். டாக்டர் எங்கள் எல்லோருக்கும் ஐந்தைந்து பேரைப் பிரித்துக் கொடுத்தார். போனில் கேட்டால் போதும். என் பங்கில் அந்த நெசவாளியின் பெயரும் இருந்தது. அவரிடம் நேரிலேயே போவது என்று முடிவுசெய்தேன். பத்துக்குப் பத்து வாங்கி, வகுப்பே கேட்காத ஆள், நான் நின்றவாக்கில் சொல்லிக்கொடுத்த ஆள் என்று டாக்டர் மேஜையில் வைக்க வேண்டும். அவள் முகம் எப்படித் தொங்குகிறது என்று பார்க்க வேண்டும். அந்த ஆசையில்தான் போனேன். நோயாளியின் நலம் என்றெல்லாம் பூசி மெழுக மாட்டேன்.

சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். வீட்டுக்குள் நுழைந்ததும் தறிச் சத்தம். அவர் பள்ளத்தில் உட்கார்ந்திருந்தார். எதிர்ப்பக்கத்துக் கரைக்கு ஊடை நூல் சுற்றிய நாடாவைத் தள்ளிக்கொண்டு மனைவி. அரக்குச் சேலை, மாம்பழக் கலர் கரை. பாதி நெய்திருந்தது. என்னைப் பார்த்ததும் இருவருக்கும் முகம் மலர்ந்தது. மனைவி காபி போட எழுந்தார்.

"நீங்க உக்காந்தே இருங்கண்ணா. பத்தே கேள்வி," என்று தாளை விரித்தேன்.

கேட்டேன். ஒப்பித்தார்.

"வலி வந்தா என்ன பண்ணுவீங்க?"

"செய்யுற வேலைய வுட்டுட்டு உக்காந்துக்குவேன்."

"மாத்திரைய?"

"நாக்குக்கு அடியில. முழுங்கக்கூடாது. தண்ணி குடிக்கக்கூடாது. முழுங்கினா வயித்துக்குப் போயி, ஈரலு அதுல பெரும்பாகத்த அழிச்சுடும்னு சொன்னீங்களே."

அதை நான்தான் சொன்னேன். பெருமையாக டிக் போட்டேன்.

"அஞ்சு நிமிஷத்துல அடங்கலைன்னா?"

"108. வண்டி வர்றதுக்குள்ள அஞ்சு நிமிஷத்துக்கு ஒண்ணா இன்னும் ரெண்டு போடலாம். மொத்தம் மூணு. அதுக்கு மேல கூடாது."

"மாத்திரைய எங்க வெச்சிருக்கீங்க?"

சட்டைப் பையிலிருந்து சின்னப் பழுப்பு நிறக் கண்ணாடிக் குப்பியை எடுத்து ஆட்டிக்காட்டினார். வெளிச்சமும் சூடும் காற்றும் பட்டால் மாத்திரை வீரியம் இழந்துவிடும், அதனால் குப்பியை விட்டு எடுத்துக் காகிதத்தில் மடித்து வைக்கக்கூடாது. அதுவும் சரி. மனைவி அடுக்களையில் இருக்கிற நேரம் பார்த்து, 'அந்த' ஆம்பிளை மாத்திரை எதையும் இதோடு சேர்த்துப் போடக்கூடாது, பி.பி. படுபாதாளத்துக்குப் போய்விடும் என்கிற கேள்வியையும் கேட்டேன். "அய்யய்யே, தெரியும்மா" என்று வெட்கப்பட்டார். ஒன்பதுக்கு ஒன்பது.

பத்தாவது கேள்வி மட்டும் எனக்கு அசட்டுத்தனமாகப் பட்டது. அதைத் தாளில் போட்டதற்கே அவளைக் கொஞ்சம் கேலி செய்கிற குரலில் படித்தேன்:

"உங்க வலி மூணு மாசத்துக்கு முன்னாடி இருந்த மாதிரியே இருக்கா, மாறியிருக்கா?"

"மாறியிருக்குதுமா," என்றார், சர்வ சாதாரணமாக. "அதான் எண்ணி வெச்சிருக்கேனே."

தறிக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு ஆணி. அதில் பட்டு இழைகள் வரிசையாகத் தொங்கின. நெய்யும்போது அறுந்துபோகிற துண்டு இழைகள்தான். "எத்தினி மாத்திரை போட்டீங்கன்னு கணக்கு வைங்கன்னு நீங்க சொன்னீங்க இல்ல? எனக்கு எழுதுறது கை வராது. வாரத்துக்கு ஒரு இழை. மாத்திரைக்கு ஒரு முடிச்சு."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எவ்வளவு அழகான ஆள்! இதையும் அவளிடம் காட்ட வேண்டும் என்று எழுந்து போய் இழைகளைக் கையில் எடுத்தேன். ஓரத்தில் இருந்த பழைய இழையில் ஒரு முடிச்சு. அடுத்ததில் இரண்டு. அடுத்ததில் ஒன்று. இப்படியே ஏழெட்டு இழைகள். அப்புறம் நான்கு. ஆறு. அதற்கடுத்ததில் ஒன்பது. கடைசி இழையைக் கையில் எடுத்ததும் என் விரல்கள் நின்றுவிட்டன. முடிச்சின் மேல் முடிச்சாக இருந்தது. பதினான்கு. வாரம் இன்னும் முடியவில்லை.

"அண்ணா, இது எப்போல்லாம் வந்துது? மேம்பாலம் ஏறும்போதா?"

"மேம்பாலத்துக்கு நான் போயே ஒரு மாசம் ஆவுது. இப்பல்லாம் பல்லு வெளக்கும்போது வருது. சும்மா படுத்துக்கினு இருக்கும்போது வருது. நேத்து டி.வி. பாத்துக்கினு இருந்தேன், வந்துச்சு. கொஞ்சம் ஜாஸ்தி நேரமும் நிக்குது."

"ஏன் ஆஸ்பத்திரிக்கு வரல?"

அவர் என்னை வினோதமாகப் பார்த்தார். பாடம் சொல்லிக்கொடுத்தவளே பாடத்தை மறந்துவிட்டாளே என்கிற பார்வை.

"நீங்கதானேமா சொன்னீங்க, மாத்திரைக்கு அடங்கினா பயமில்லைன்னு. ஒவ்வொரு வாட்டியும் அடங்கிடுச்சே."

எங்கள் பிரிவில் ஒரு கற்றுக்குட்டிக்குக்கூடத் தெரிந்த விஷயம். வலி அடிக்கடி வந்தால், சின்ன வேலைக்கே வந்தால், சும்மா இருக்கும்போது வந்தால், அது பழைய வலி அல்ல. குழாயின் உள்சுவரில் படிந்திருந்த கொழுப்பு வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைய ஆரம்பித்திருக்கலாம். நிலையற்ற நெஞ்சுவலி. மாரடைப்பின் வாசல். மாத்திரைக்கு அடங்குவதை வைத்து அதை ஒதுக்கவே முடியாது. இரண்டு வலியும் மாத்திரைக்கு அடங்கும். எனக்கு இது பத்தொன்பது வருஷமாகத் தெரியும். நோயாளிகளிடம் சொன்னதில்லை. சொன்னால் பயந்துபோய் லேசாகக் குத்தினாலும் ஓடிவருவார்கள், கூட்டம் சேரும் என்று நினைத்தேன். 'பயமில்லை' என்பதோடு நிறுத்திக்கொள்வது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

"மேல வாங்கண்ணா. ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"இந்தக் கரை ஒரு சாண்தான்மா பாக்கி. முடிச்சுட்டு காலைல..."

"இப்போ."

என் குரலைக் கேட்டுப் பள்ளத்திலிருந்து கையூன்றி எழுந்தார். எழுந்தவர் அப்படியே தறிப்பலகையில் உட்கார்ந்தார். வலது கையால் நெஞ்சை அழுத்தினார். நெற்றியில் வியர்வை. நான் சொல்வதற்கு முன்பே குப்பியைத் திறந்து, ஒன்றை நாக்குக்கு அடியில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டார். நான் சொல்லிக்கொடுத்தபடியே. ஒரு பிசகும் இல்லை.

நான் 108-ஐ அழைத்துவிட்டேன். சும்மா இருக்கும்போது வலி, ஒரு வாரத்தில் பதினான்கு முறை என்று சொல்லி முகவரி கொடுத்தேன். மனைவி காபி டம்ளரோடு வந்து நிலைப்படியில் நின்றுவிட்டார். நான் கைக்கடிகாரத்தையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். மூன்று நிமிஷம் தாண்டியதும் அவர் தோள் தளர்ந்தது. கண்ணைத் திறந்து சிரித்தார்.

"பாத்தீங்களா? அடங்கிடுச்சு. வண்டிய வேணாம்னு சொல்லிடுங்கமா."

பழக்க தோஷத்தில் கையைத் துழாவி ஒரு துண்டு இழையைத் தேடினார், முடிச்சுப் போட. நான் அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"வண்டி வரும்ணா. நீங்க போறீங்க."

"நீங்கதானே..."

"நான் சொன்னது அரைகுறை. மீதிய சொல்லாம வுட்டுட்டேன். தப்பு என்னுதுதான். வலி மாறிடுச்சுன்னா, மாத்திரைக்கு அடங்கினாலும் வரணும். உடனே வரணும்."

என் வாழ்க்கையில் ஒரு நோயாளியிடம் நான் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவருக்கு நம்பிக்கை வரவில்லை. என்னை நம்பினாரே தவிர என் புதுப்பேச்சை நம்பவில்லை. மனைவிதான் தறியைத் துணியால் மூடிவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டார். வண்டியில் இருந்தவர் ஆஸ்பிரினை மென்று விழுங்கச் சொன்னார். எங்கள் ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் இன்னொரு முறை வலி வந்தது. அந்த வலி முதல் மாத்திரைக்கு அடங்கவில்லை.

ஈ.சி.ஜி.யில் மாற்றம் இருந்தது. ரத்தப் பரிசோதனையை இரண்டு முறை பார்த்தார்கள். இதயத் தசை இன்னும் சாகவில்லை. மறுநாள் ஆஞ்சியோ. இதயத்தின் முன்பக்கத்துக் குழாய் நூலிழை அளவுக்குத்தான் திறந்திருந்தது. ஸ்டென்ட் வைத்தார்கள்.

டாக்டர் எல்லோர் முன்னாலும் என்னைப் புகழ்ந்தார். "அனுபவம்னா இதுதான். வீட்டுக்கே போயி கண்டுபிடிச்சிருக்காங்க பாருங்க." எல்லோரும் கை தட்டினார்கள். அவளும் தட்டினாள். எனக்கு எத்தனையோ நாளாகப் பசித்த சாப்பாடு அது. அந்த நிமிஷத்தில் வாயைத் திறந்து 'பத்தாவது கேள்வி அவளுடையது' என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அன்றைக்கு முழுவதும் சொல்லவில்லை.

மறுநாள் வார்டில் அவருடைய மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்தம்மா எனக்கு நன்றி சொல்லிவிட்டு, மனசில் இருந்ததையும் சொன்னார்:

"பக்கத்து வீட்டுக்காரு அந்தச் சின்னப் பொண்ணு வகுப்புக்குப் போயி வந்தாரு. வலி மாறினா மாத்திரைக்கு அடங்கினாலும் போயிடணும்னு அது முதல் நாளே சொல்லுச்சாம். நானும் இவரை வகுப்புக்குப் போயா போயான்னேன். எங்க நர்ஸம்மா சொன்னதுக்கு மேல எனக்கு எதுவும் வேணாம்னுட்டாரு மனுசன்."

முதல் நாளே. நான் தட்டைத் தூக்கிக்கொண்டு போன பிறகு.

என்னிடம் மட்டுமே கேட்கிற ஒரு ஆள் வேண்டும் என்று நான்தானே ஏங்கினேன். கிடைத்தார். என்னிடம் மட்டுமே கேட்டதால்தான் சாகக் கிடந்தார்.

அன்றைக்கு மதியம் டாக்டர் அறைக்கே போய் உண்மையைச் சொல்லிவிட்டேன். அப்புறம் அவளிடமும் சொன்னேன், உடை மாற்றும் அறையில், ஷூவின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல். அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "நீங்க வீட்டுக்குப் போகலைன்னா அந்தக் கேள்வி பேப்பர்லயே தூங்கியிருக்கும்கா. போன்ல கேட்டா அந்த முடிச்சு தெரிஞ்சிருக்குமா?" இவ்வளவு நல்லவளாக வேறு இருந்து தொலைக்க வேண்டுமா?

அவர் வீடு திரும்பி ஒரு மாதம் கழித்துப் பரிசோதனைக்கு வந்தார். வந்தவர் நேராக என் மேஜைக்கே வந்தார். "இனிமே என்ன பண்ணணும்னு நீங்களே சொல்லிக் குடுங்கமா." அன்று செவ்வாய்க்கிழமை. கையைப் பிடித்து அழைத்துப்போய் அவளுடைய வகுப்பில் முதல் வரிசையில் உட்காரவைத்தேன். நானும் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். இந்த முறை கடைசி வரைக்கும்.

பரிமாறுகிறவன் கதைக்கு அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். என்னிடம் இரண்டு வருஷத்தில் ஒருநாள்கூட அப்படிச் சிரித்ததில்லை. வகுப்பு முடிந்ததும் வேட்டி மடிப்பிலிருந்து எதையோ எடுத்துக்கொண்டு எழுந்தார். நான் கையை நீட்டப் போனேன். அவர் என்னைத் தாண்டிப் போய், மாம்பழக் கலர் பட்டு இழைகள் நான்கை அவள் உள்ளங்கையில் வைத்தார்.

"நாலு வாரம்மா. நீயே பாரு."

ஒன்றில்கூட ஒரு முடிச்சு இல்லை. அவள் அந்த இழைகளைத் தூக்கி எனக்குக் காட்டிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். வயிறு எரிந்துகொண்டுதான் இருந்தது.